6 கோடிக்கு விற்றால் எங்களுக்கு 80% இல்லையா? ஆடிட்டர் 3.2 கோடிதான் என்கிறார்

பலகாரம்_காரைக்குடி:
வணக்கம். காரைக்குடியில் தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை செஞ்சு ஆன்லைன்ல விற்கிறோம். நானும் மச்சானும் சேர்ந்து நடத்துறோம். ஒரு முதலீட்டாளர்கிட்ட இருந்து நிபந்தனைகளைச் சொல்ற முதல் டெர்ம் ஷீட் கைக்கு வந்திருக்கு. 2 கோடி போடுறாங்க, அதுக்கு 20% பங்கு. போட்ட பணத்தை அவங்க முதல்ல எடுத்துக்கிற லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் ஒரு மடங்குன்னு இருக்கு. கம்பெனி 6 கோடிக்கு விலை போனா எங்க 80%க்கு 4.8 கோடி வரணும். ஆடிட்டர் 3.2 கோடின்னு சொல்றார். மீதி 1.6 கோடி எங்கே போகுது?

தேவகோட்டை_பேரேடு:
அந்த விதி கம்பெனி மூழ்கினா மட்டும்தான் வரும், பயப்படாதீங்க. அப்படியே வந்தாலும் லேவாதேவி மாதிரிதான். முதல் 2 கோடியை எடுத்துக்கிட்டா கணக்கு முடிஞ்சுது, 4 கோடி உங்களுக்கு. ஆடிட்டர் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கார்.

பங்கு_ஒப்பந்தம்:
முதல் திரும்பினா கணக்கு முடியும்னு பேரேடு அண்ணன் சொல்றது ஒரு வகை ஒப்பந்தத்துக்குச் சரி. ஆனா மூழ்கினா மட்டும்தான்னு சொல்றது சரியில்லை. லிக்விடேஷனுக்கு என்ன பொருள்னு ஷீட்டிலேயே எழுதியிருப்பாங்க, அதைத் தேடிப் படிங்க. கம்பெனியை விற்கிறது, இன்னொண்ணோட இணைக்கிறது, கட்டுப்பாடு கை மாறுறது எல்லாமே வழக்கமா அதுக்குள்ள வரும். லாபத்துக்கு வித்தாலும் இந்த விதி பாயும்.

அடுத்து, "ஒரு மடங்கு"ங்கிற சொல்லுக்குப் பின்னாடி வர்ற வரியைப் பாருங்க. "அதன் பின் மீதித் தொகையிலும் மற்ற பங்குதாரர்களோடு விகிதப்படி பங்கு பெறுவார்"னு இருந்தா அது பார்ட்டிசிபேட்டிங். முதலையும் எடுத்துக்கிட்டு மீதியிலும் பங்கு கேட்பாங்க. அந்த வரி இல்லைன்னா நான்-பார்ட்டிசிபேட்டிங்: முதல், விகிதப் பங்கு ரெண்டுல எது பெரிசோ அது மட்டும். கடன் கொடுத்தவர் முதலை வாங்கின பிறகு கடையில பங்கு கேட்க மாட்டார், இவங்க கேட்பாங்க. எக்செல்ல ரெண்டையும் போட்டுப் பாருங்க, அவங்களுக்கு வர்றது கோடியில்:

```
பார்ட்டிசிபேட்டிங்:      =2+(6-2)*20%    → 2.8
நான்-பார்ட்டிசிபேட்டிங்: =MAX(2, 6*20%)  → 2
```

முதல் வரியில உங்களுக்கு 3.2, ரெண்டாவதுல 4. ஆடிட்டர் கணக்கு சரி. உங்க 4.8 இந்த ரெண்டு வகையிலும் வராது. அது எல்லாப் பங்கும் சமம்னு நினைச்சுப் போட்ட கணக்கு.

பலகாரம்_காரைக்குடி:
அந்த வரி அப்படியே இருக்கு! நீக்கச் சொன்னா, "மொத்தம் 2 மடங்கோட நிறுத்திக்கிறோம்"னு சொல்றாங்க. ஒத்துக்கலாமா?

பங்கு_ஒப்பந்தம்:
உங்க பயம் 6 கோடி விற்பனைதானே? அங்கே இந்த வரம்பால ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. வரம்பு 4 கோடி. அவங்க எடுக்கிறது 2.8தான். விலை 12 கோடியைத் தாண்டினாத்தான் வரம்பு உதவும். 20 கோடிக்குப் போனா 5.6க்குப் பதில் 4 எடுப்பாங்க. சிறிய விலைக்கு விற்க வேண்டி வரும்னு நினைச்சா அந்த வரியை முழுசா எடுக்கச் சொல்லுங்க. என் கருத்துல இதுதான் பேரம் பேச வேண்டிய முதல் இடம்.

அதோட, அடுத்த சுற்றுல பங்கு விலை குறைஞ்சா அவங்களைக் காக்கிற ஆன்டி டைலூஷன் விதியில "ஃபுல் ராட்செட்"ங்கிற சொல் இருக்கான்னு பாருங்க. உங்களுக்கு 8 லட்சம் பங்கு, அவங்களுக்கு 100 ரூபாய் வீதம் 2 லட்சம்னு வச்சுப்போம். அடுத்த சுற்றுல 50 ரூபாய்க்கு 1 கோடி திரட்டினா ராட்செட்படி அவங்க விலையும் 50 ஆகி பங்கு 4 லட்சமா ஆயிடும், உங்க 80% ஏறக்குறைய 57%க்கு இறங்கும். புதுப் பங்கோட அளவைப் பொறுத்து விலையைக் குறைக்கிற பிராட் பேஸ்டு வெயிட்டட் ஆவரேஜ்னா அவங்களுக்கு சுமார் 2.18 லட்சம், உங்களுக்கு கிட்டத்தட்ட 66%. புதுப் பங்கு எவ்வளவு குறைச்சலா வெளியானாலும் ராட்செட் முழுசாப் பாயும், அதுதான் அதோட கொடுமை.

புதுவயல்_நெசவு:
எங்களுக்கும் ஷீட் வந்திருக்குங்க. தறி வேலை ஆரம்பிச்சு 2 வருஷம் ஆச்சு. நிறுவனர் வெஸ்டிங் 4 வருஷம், அதாவது எங்க பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா சம்பாதிக்கணும்னு போட்டிருக்காங்க. எங்க பங்கு எங்க பேர்லதானே இருக்கு, புதுசா எப்படி சம்பாதிக்கிறது?

பங்கு_ஒப்பந்தம்:
பங்கு உங்க பேர்லயே இருக்கும். பாதியில விலகினா, அதுவரை வெஸ்ட் ஆகாத பங்கை முகமதிப்புக்கோ அதை ஒட்டின விலைக்கோ கொடுத்துடணும்னு எழுதுவாங்க. உழைச்ச 2 வருஷத்தைக் கழிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க: பாதிப் பங்கு இப்பவே வெஸ்ட் ஆனது, மீதி மாசாமாசம். உங்களைக் காரணமில்லாம வெளியேத்தினா என்ன ஆகும்னு தனி வரி கேளுங்க. அது இல்லாத ஷீட்ல கையெழுத்துப் போடாதீங்க.

பலகாரம்_காரைக்குடி:
ரொம்ப நன்றிங்க. இன்னொரு சந்தேகம். இதே சுற்றுல சிங்கப்பூர்ல இருக்கிற எங்க சித்தப்பாவும் கொஞ்சம் போடுறார். அவருக்கும் அதே ஆன்டி டைலூஷன் எழுதலாமா?

பங்கு_ஒப்பந்தம்:
எழுதலாம், ஆனா அவர் அங்கேயே குடியிருக்கிறவர்னா அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா குறுக்கே வரும். பங்கு வெளியிட்ட அன்னைக்கு இருந்த நியாய மதிப்புக்குக் கீழே, அவர் பங்கை சாதாரணப் பங்கா மாத்துற விலை போகக் கூடாது. அவர் இந்தியக் குடிமகனா இருந்து, பணத்தை வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போகாத அடிப்படையில முதலீடு பண்ணினா விதி வேற.

தேவகோட்டை_பேரேடு:
அப்போ சித்தப்பா எந்த வங்கிக் கணக்குல இருந்து அனுப்புறார்னு முதல்ல கேளுங்க தம்பி.

பலகாரம்_காரைக்குடி:
கேட்கிறேண்ணே. ராத்திரி போன் பண்ணிட்டு இங்கேயே எழுதுறேன்.