தளம் முடங்கியது பற்றி முதலாளிகளுக்கு அறிக்கை: "இழந்த ஆர்டர் 0" என்று எழுதலாமா?

இரவுப்பணி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலையும் பலகாரமும் இணையத்தில் விற்கும் நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். சனிக்கிழமை என் பொறுப்பு நேரம். காலை 5.40 முதல் 7.50 வரை தளத்தைத் திறந்தவர்களுக்கு NET::ERR_CERT_DATE_INVALID என்ற எச்சரிக்கைதான் தெரிந்தது. பாதுகாப்புச் சான்றிதழ் ஒரு மாதத்துக்கு முன்பே தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆனால் தளத்தை வழங்கும் `nginx` காலாவதியான பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. நாளை பெரியவர்களிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். கணினி தெரியாதவர்கள், ஆனால் ஐந்தொகையில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். பதிவேட்டில் அந்த நேரத்துக்கு ஒரு பிழைகூட இல்லை. "இழந்த ஆர்டர் 0" என்று எழுதலாமா?

கொப்புடையான்: இலவசச் சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள். காசு கொடுத்து நீண்ட நாளுக்கு வாங்கிவிடுங்கள், தொல்லை தீரும்.

பழைய கணினிக்காரர்: தீராது, தள்ளித்தான் போகும். காசு கொடுத்தாலும் 2029 மார்ச்சிலிருந்து 47 நாளுக்கு மேல் கிடைக்காது. தம்பி, அந்த 0-வை எழுதாதீர்கள். உலாவி சான்றிதழைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. கோரிக்கையே உள்ளே வராதபோது பதிவேட்டில் எப்படி இருக்கும்? வாசல் பூட்டியிருந்த நாளில் கல்லாவைப் பார்த்து "யாரும் வரவில்லை" என்று சொல்வதற்குச் சமம். முந்தைய நான்கு சனிக்கிழமைகளில் அதே நேரத்தில் வந்த ஆர்டர்களை எடுத்து, மதிப்பீடு என்று சொல்லியே எழுதுங்கள்.

தேவகோட்டை வாசகர்: எங்கள் கடைத் தளமும் போன மாதம் நின்றது. வட்டு நிரம்பிவிட்டது. பழைய பதிவுகளை அழித்துப் பார்த்தீர்களா?

இரவுப்பணி: வட்டில் இடம் இருக்கிறது ஐயா, இது வேறு. முந்தைய சனிக்கிழமைகளில் 11, 14, 9, 12 ஆர்டர்கள் வந்திருக்கின்றன. அன்று அந்த நேரத்தில் ஒன்றுமில்லை. காரணத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: "உரிமத்தைப் புதுப்பித்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டோம், வாசலில் பழையதே தொங்கியது."

பழைய கணினிக்காரர்: அருமை, அதை மாற்றாதீர்கள். "ஏறக்குறைய 9 முதல் 14 ஆர்டர்கள், சிலர் பிறகு வந்து வாங்கியிருக்கலாம்" என்று சேருங்கள். இனி புதுப்பித்ததும் வாசலிலும் மாற, தானாகப் புதுப்பிக்கும் கட்டளையை இப்படி மாற்றினால் போதும்:

```
certbot renew --deploy-hook "systemctl reload nginx"
```

ஒன்று கேட்கிறேன். உங்கள் கண்காணிப்பு ஏன் வாய் திறக்கவில்லை?

இரவுப்பணி: அது வட்டிலுள்ள புதிய சான்றிதழ்க் கோப்பின் தேதியைத்தான் பார்த்தது. 7.05-க்கு ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

பழைய கணினிக்காரர்: அதை மறைக்காமல் எழுதுங்கள். 85 நிமிடம் நமக்கே தெரியவில்லை என்பதுதான் அவர்கள் அறிய வேண்டியது. இனி வெளியிலிருந்து, வாடிக்கையாளரைப் போலத் தளத்தைத் திறந்து தேதியைப் பார்க்கும் சோதனை வேண்டும்.

கொப்புடையான்: இதை அமைத்தது யார் என்று கேட்பார்களே?

இரவுப்பணி: கேட்பார்கள். அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. சரிபார்க்கும் படி எங்கள் யாரிடமும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். பெரியவர் அதை ஏற்பாரா என்பது நாளைக்குத்தான் தெரியும்.