கட்டடத்தின் மூலை 9 மீட்டர் நகர்ந்திருந்தது

நாணல்:
ஒரு கணக்கு இன்னும் உறுத்துகிறது. 1974 வான்படத்தையும் 2019 செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இரண்டிலும் ஆற்றங்கரையின் மேல்விளிம்பை வரைந்தேன். இடைவெளி 54 மீட்டர். 45 ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு 1.2 மீட்டர் அரிப்பு என்று அறிக்கையும் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் பெரிதாக்கிப் பார்த்தால், கரைக்குப் பின்னால் உள்ள பழைய கல்கட்டடத்தின் மூலை 1974 படத்தில் 9 மீட்டர் ஆற்றுப் பக்கம் தள்ளி நிற்கிறது. கட்டடம் எங்கே நகரும்? படத்தைத்தான் நான் தவறாகப் பொருத்தியிருக்கிறேன். அதைக் கழித்தால் 45 மீட்டர், ஆண்டுக்கு 1. அந்த மூலை கண்ணிலேயே நிற்கிறது.

அலைமகன்:
பொருத்தும்போது இரண்டு படத்திலும் ஒரே இடம் என்று குறிக்கும் புள்ளிகள் போதவில்லை, அதுதான் காரணம். நான் 6 புள்ளி வைத்து, படத்தை வளைத்துப் பொருத்தும் இரண்டாம் படிப் பொருத்தம் கொடுப்பேன். பிழை பூஜ்யம் என்றே வரும்.

வண்டல்:
அலைமகன், புள்ளி போதவில்லை என்பது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பூஜ்யத்தை நம்பாதீர்கள். இரண்டாம் படிக்குக் குறைந்தது 6 புள்ளி வேண்டும். சரியாக 6 வைத்தால், ஒன்றைத் தப்பான இடத்தில் வைத்திருந்தாலும் படம் வளைந்து கொடுத்துப் பூஜ்யம்தான் காட்டும். கூடுதலாகப் புள்ளிகள் வையுங்கள். நாலைந்தைப் பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி, அவை எவ்வளவு விலகுகின்றன என்று அளந்து பாருங்கள். அதுதான் உண்மைப் பிழை.

நாணல், பிழையையும் சேர்த்தே எழுதுங்கள். பழைய படத்தின் பொருத்தத்தில் 6 மீட்டர், கோடு வரைவதில் 3, புதிய படத்தில் 2 என்று வைத்தால், வர்க்கங்களின் கூட்டல் 49, வர்க்கமூலம் 7. அதை 45 ஆண்டுகளால் வகுத்தால் 0.16. அதாவது ஆண்டுக்கு 1 மீட்டர், கூடக்குறைய 0.16. இதே 7 மீட்டர் பிழையோடு 3 ஆண்டு இடைவெளியில் அளந்தால் கூடக்குறைய 2.3 மீட்டர் வரும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கிளிஞ்சல்:
என்னுடையது கடற்கரை. இரண்டே ஆண்டில் 25 மீட்டர் பின்வாங்கியதாகப் பயந்துபோனேன். நான் வரைந்தது நீர்விளிம்பு. ஒரு படம் ஓதம் தாழ்ந்தபோது எடுத்தது, இன்னொன்று அரை மீட்டர் உயர்ந்தபோது. 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுள்ள மணலில் அந்த அரை மீட்டரே 25 மீட்டரைக் காட்டிவிடும். செடி தொடங்கும் கோட்டைப் பார்த்தால் நகரவே இல்லை. நாணலுக்கும் இதுவாக இருக்குமோ?

நாணல்:
இல்லை, நான் வரைந்தது மேல்விளிம்பு, நீர்மட்டம் அதைத் தொடாது. வண்டல், இடையில் ஒரு 1996 படம் கிடைத்தது. அதில் கரை 6 மீட்டர்தான் போயிருக்கிறது, அதுவே பிழைக்குள் அடங்கும் அளவு. மீதி 39 மீட்டரும் அதற்குப் பிறகு. ஆண்டுக்கு 1 என்று இனி எழுதலாமா?

வண்டல்:
இரண்டு காலத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். 39 மீட்டர் ஒரே வெள்ளத்திலா, மெல்லமெல்லவா என்பதைச் சொல்ல இன்னும் படங்கள் வேண்டும்.

அலைமகன்:
சராசரியும் வேண்டும். கரையோரம் கட்டுபவர் கேட்பது ஒரே எண்.