பிவட் அறிக்கையைப் பிரித்து அடுக்குவதற்கு ஒரு சொல்: தலைப்பிறக்கம்?

கயல்விழி:
வணக்கம். எக்செல் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். Unpivot என்பதற்கு நல்ல சொல் வேண்டும். நான் எடுத்துக்கொண்ட அறிக்கை இப்படி இருக்கும்: இடப்பக்கம் வட்டம், அதையடுத்து நெல் ரகம். மேலே 2022, 2023 என்று இணைத்த கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் குறுவை, சம்பா. வட்டத்தின் பெயர் முதல் வரியில் மட்டும்தான் இருக்கும், கூட்டுத்தொகை வரியில் வட்டமும் ரகமும் வெறுமையாக இருக்கும், எண்கள் மட்டும். இதை வட்டம், ரகம், ஆண்டு, பருவம், பரப்பு என்று ஐந்தே நெடுவரிசையாக மாற்றும் வேலைக்குத்தான் பெயர் தேடுகிறேன். "தட்டையாக்கம்" என்று வைக்கலாமா?

செந்தில்:
இதற்குத்தான் பாடநூலிலேயே சொல் இருக்கிறதே, நிரை நிரல் மாற்று. புதிதாக எதற்கு?

மாணிக்கம்:
செந்தில், அது Transpose. அதில் மூன்று வரி, நான்கு நெடுவரிசை இருந்தால் நான்கு வரி, மூன்று நெடுவரிசையாகத் திரும்பும், அவ்வளவுதான். இங்கே நடப்பது வேறு. ஒரு ரகத்துக்கு ஒரு வரி இருந்த இடத்தில் நான்கு வரி வரும், ஏனென்றால் தலைப்பாக இருந்த "2022", "குறுவை" எல்லாம் கீழே இறங்கித் தரவாகிவிடுகின்றன. ஆனால் நீங்கள் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. பவர் குவெரியில் இரண்டு வரித் தலைப்பைச் சரிசெய்ய முதலில் Transpose போட்டு, ஆண்டை Fill Down செய்து, ஆண்டையும் பருவத்தையும் நடுவில் ஒரு குறி வைத்து ஒன்றாக்கி, மறுபடி Transpose போட்டு, அந்த முதல் வரியைத் தலைப்பாக்கி, அப்புறம்தான் Unpivot Other Columns. கடைசியில் அந்தக் குறியில் வெட்டினால் ஆண்டும் பருவமும் தனித்தனியாக வந்துவிடும்.

கயல்விழி அம்மா, தட்டையாக்கம் வேண்டாம். ஜேசனைப் பிரிப்பதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே புழங்குகிறார்கள். என் பரிந்துரை "தலைப்பிறக்கம்". பாண்டாஸ் melt என்கிறது, ஆர் மொழியில் pivot_longer, எஸ்கியூஎல் சர்வரில் UNPIVOT. மூன்றும் மூன்று உருவகம். நடக்கும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

கையேட்டில் ஒன்றை மட்டும் அழுத்தமாக எழுதுங்கள். கூட்டுத்தொகை வரியை எடுத்துவிட்டுத்தான் Fill Down போட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரத்தநாட்டில் ஆடுதுறை 43 குறுவையில் 120 எக்டேர், அடுத்த ரகம் 80, அதன்கீழே பெயரில்லாத 200. இரண்டு நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்து Fill Down அழுத்தினால் அந்த 200-க்கு வட்டமும் ரகமும் மேலே இருந்து ஒட்டிக்கொள்ளும், பார்ப்பதற்கு இன்னொரு தரவு வரி மாதிரியே இருக்கும். அப்புறம் எந்த வடிகட்டியாலும் அதைப் பிரிக்க முடியாது.

```
df = df[df["ரகம்"].notna()]
df["வட்டம்"] = df["வட்டம்"].ffill()
df = df.melt(id_vars=["வட்டம்", "ரகம்"])
```

இது தலைப்பை ஒரே வரியாக்கிய பிறகு. முடிந்ததும் மொத்தத்தைக் கூட்டி, அறிக்கையின் கடைசி வரியோடு ஒப்பிடுங்கள். இரட்டிப்பாக வந்தால் கூட்டுத்தொகை வரிகள் உள்ளே இருக்கின்றன. மும்மடங்கு என்றால் கடைசி மொத்த வரியும் சேர்ந்துவிட்டது.

பாத்திமா:
எனக்கு இதே சிக்கல் மதிப்பெண் பட்டியலில். தேர்வுக்கு வராத பிள்ளைகளின் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தோம். பவர் குவெரியில் மாற்றியதும் அந்த வரிகளே காணோம், வராதவர் எத்தனை பேர் என்று எடுக்க முடியவில்லை. இதுவும் கூட்டுத்தொகையால்தானா?

மாணிக்கம்:
இல்லம்மா, அது வேறு. பவர் குவெரியின் Unpivot வெறுமையான கட்டத்துக்கு வரியே உண்டாக்காது, பாண்டாஸின் melt விட்டுவைக்கும். மாற்றும் முன்பே அந்தக் கட்டங்களில் "வரவில்லை" என்று நிரப்பிவிடுங்கள். மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன் அந்த வரிகளை மட்டும் வடிகட்டினால் போதும்.

செந்தில்:
Transpose பற்றிச் சொன்னது புரிந்தது அண்ணா. ஆனால் "தலைப்பிறக்கம்" என்பதை வேகமாகப் படித்தால் "தலை பிறக்கம்" என்றுதான் கண்ணில் படுகிறது. "நிரையாக்கம்" சுருக்கமாக இருக்கிறதே. நெடுவரிசைகள் நிரைகளாகின்றன, பாடநூல் சொல்லோடும் ஒட்டும்.

கயல்விழி:
நிரையாக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு காற்புள்ளிக் கோப்பை வரி வரியாகப் படிப்பதற்கும் அதையே சொல்லிவிடுவார்கள். தலைப்பு இறங்குகிறது என்று சொன்னால் எங்கள் அலுவலகத்தில் உடனே புரிகிறது. "தலைப்பு இறக்கம்" என்று பிரித்தே எழுதிவிடுகிறேன், செந்தில் சொன்ன சிக்கலும் வராது. Fill Down-க்குக் "கீழ்நிரப்பு" போட்டிருக்கிறேன். ஆண்டுத் தலைப்பைப் பக்கவாட்டில் நிரப்புவதற்கு என்ன சொல்வது?