பையனின் பாஸ்போர்ட் ஆகஸ்டில் முடிகிறது. மே மாதப் பயணத்துக்கு எந்த நாட்டிடம் விசா கேட்பது?

மீனா, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

வணக்கம். வரும் மே மாதம் நாங்கள் ஐந்து பேர் ஐரோப்பா போவதாக இருக்கிறோம். நான், கணவர், எங்களுடனேயே இருக்கும் என் அம்மா (67 வயது), மகள், மகன். மகளுக்கு இப்போது 11 வயது, மார்ச் 18 அன்று 12 நிறைகிறது. மகனுக்கு ஜூனில் 6 வயது ஆகும்.

மே 10 காலை பாரிஸில் இறங்குகிறோம். அங்கே 3 இரவு, சுவிட்சர்லாந்தில் 5 இரவு, ரோமில் 3 இரவு. மே 21 ரோமிலிருந்து திரும்புகிறோம். மகனின் பாஸ்போர்ட் ஆகஸ்ட் 6 வரை செல்லும். பயணம் முடிந்து இரண்டரை மாதம் மிச்சம் இருப்பதால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பயண முகவர், சுவிட்சர்லாந்து விசாவுக்கு விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பது கடினம் என்கிறார். பாரிஸில் 5 இரவு தங்குவதுபோல் ஹோட்டல் பதிவு காட்டி பிரான்ஸிடம் விசா வாங்கிவிட்டு, பிறகு பதிவை மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிறார். இதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்த நாட்டிடம் கேட்பது முறை? ஐந்து பேருக்கும் கட்டணம் எவ்வளவு ஆகும்? எப்போது கொடுத்தால் சரியாக இருக்கும்? கணவர் பிப்ரவரிக் கடைசியில் அலுவலக வேலையாக சிங்கப்பூர் போகிறார், அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுந்தர், செம்பூர், மும்பை

எந்த நாட்டுக்குப் போனாலும் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், சகோதரி. முதலில் எந்த நாட்டில் இறங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். ஆகவே பிரான்ஸ்தான். முகவர் சொல்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ராகவன், மயூர் விகார், தில்லி

சுந்தர் ஐயா சொன்ன இரண்டிலும் பாதி சரி. ஆறு மாதக் கணக்கு சிங்கப்பூர், தாய்லாந்து போன்ற நாடுகளுக்கு. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி உள்ளிட்ட, ஒரே விசாவில் போகக்கூடிய ஷெங்கன் நாடுகளின் விதி வேறு: அந்த எல்லையை விட்டு வெளியேறும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும், அது கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். மீனா அவர்களே, நீங்கள் வெளியேறுவது மே 21. மூன்று மாதம் கூட்டினால் ஆகஸ்ட் 21. மகனின் பாஸ்போர்ட் ஆகஸ்ட் 6-இல் முடிகிறது. 15 நாள் குறைகிறது. இப்படியே கொடுத்தால் மற்ற நால்வரின் தாள்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் மகனுக்கு விசா வராது.

குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் தருகிறார்கள் என்பதால் குடும்பப் பயணங்களில் பெரும்பாலும் இங்கேதான் இடிக்கிறது. பெரியவர்களின் 10 ஆண்டுக் கணக்கிலேயே எல்லோருடையதையும் பார்த்துவிடுகிறோம். எனவே முதல் வேலை மகனுக்குப் புதிய பாஸ்போர்ட். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம். சிறுவர்களுக்குக் கட்டணம் 1000 ரூபாய், தத்கால் என்றால் மேலும் 2000. பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் வேண்டும், பெற்றோரின் பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஆகவே கணவர் சிங்கப்பூர் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். புதிய பாஸ்போர்ட்டுக்கு எண் மாறிவிடும். அது கைக்கு வந்த பிறகே காப்பீடு எடுங்கள், விசா படிவம் நிரப்புங்கள். பழைய எண்ணில் காப்பீடு எடுத்துவிட்டு மையத்தில் நின்று அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி எந்த நாடு என்ற கேள்வி. அதிக நாள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்பதே விதி. முதலில் இறங்கும் நாடு என்பது, எந்த நாட்டையும் முதன்மை என்று சொல்ல முடியாதபோது மட்டும். உங்கள் திட்டத்தில் 3, 5, 3. சந்தேகமே இல்லை, சுவிட்சர்லாந்து.

முகவர் சொல்வதைச் செய்யாதீர்கள். விசா ஒட்டிக் கொடுத்ததோடு பிரச்சினை முடிவதில்லை. பாரிஸில் இறங்கும்போது எல்லை அதிகாரி ஹோட்டல் பதிவைக் கேட்கலாம். விண்ணப்பத்தில் பாரிஸ் 5 இரவு, கையில் இருக்கும் பதிவில் 3 இரவு என்றால் பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய விசா என்று ரத்து செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு. பிள்ளைகளையும் 67 வயது அம்மாவையும் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்க வேண்டாம். முகவர் அப்போது உங்களோடு இருக்க மாட்டார்.

ஜெயந்தி, மாட்டுங்கா, மும்பை

லண்டன் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். என் அண்ணன் குடும்பம் பாரிஸ் பார்த்துவிட்டு லண்டனுக்குப் போனார்கள். பிரிட்டன் விசா தனியாக வாங்கித்தான் வைத்திருந்தார்கள். திரும்பி பாரிஸ் வர லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ரயில் ஏறப் போனபோது, அங்கேயே இருக்கும் பிரெஞ்சு எல்லைச் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். விசா தாளில், எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் 01 என்று இருந்தது. அந்த ஒரு முறை பாரிஸில் இறங்கியதோடு தீர்ந்துவிட்டது. பாரிஸிலிருந்து எடுத்திருந்த டிக்கெட்டை விட்டுவிட்டு லண்டனிலிருந்தே புதிதாக எடுத்து ஊருக்கு வந்தார்கள்.

மீனா

நாங்கள் லண்டன் போகவில்லை, அக்கா. ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றே தெரியாது, மிக்க நன்றி.

ராகவன் ஐயா, மகனின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். படத்தில் மொட்டைத் தலையோடு, யாரோ பின்னாலிருந்து தலையைப் பிடித்திருக்க, கண்ணைப் பாதி திறந்து இருக்கிறான். இந்தப் படத்தோடு இவ்வளவு நாள் வைத்திருந்தோமே என்று தோன்றியது. நாளையே விண்ணப்பிக்கிறோம்.

கட்டணம் பற்றி யாராவது சொல்லுங்கள். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மட்டும்தான் வருகிறது. அவர் கணக்கில் பணம் இருப்பதாகக் காட்ட, கணவரின் அண்ணனிடமிருந்து ஐந்து லட்சம் வாங்கிப் போட்டு வைக்கலாமா?

ராகவன்

விசா கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 நிறையும் வரை 45 யூரோ. 6 வயதுக்குள் இலவசம். ஆக நீங்கள் மூவர் 270, மகனுக்கு இல்லை, மகளுக்கு மார்ச் 18-க்கு முன் கொடுத்தால் 45. மொத்தம் 315 யூரோ. 18-க்குப் பிறகு என்றால் 360. ரூபாயில் எவ்வளவு என்பதைத் தூதரகம் அவ்வப்போது நிர்ணயிக்கும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி. இன்னொன்று: 12 வயதுக்குள் கைரேகை எடுப்பதில்லை. ஆனால் 45 யூரோவுக்காக அவசரப்பட்டு அரைகுறைத் தாள்களோடு போக வேண்டாம். மகனின் பாஸ்போர்ட் தாமதமானால் தாமதமாகட்டும், ஐவரும் சேர்ந்தே கொடுங்கள்.

நாள் கணக்கு இப்படி: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். முழுமையான விண்ணப்பத்துக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். 45-ஐ மனத்தில் வைத்தே கணக்கிடுங்கள். அத்தனை நாளும் பாஸ்போர்ட் அவர்களிடம்தான் இருக்கும், எனவே கணவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பிறகே கொடுக்க முடியும். மார்ச் முதல் இரண்டு வாரம் உங்களுக்குச் சரியான இடம். மார்ச் 10 கொடுத்தால் 45 நாள் ஆனாலும் ஏப்ரல் 24-க்குள் முடிவு தெரியும். உண்மையில் நேரத்தைத் தின்பது பரிசீலனை அன்று, முன்பதிவு நேரம் கிடைப்பதுதான். கோடை விடுமுறைக் கூட்டம் தொடங்கும் முன் இப்போதே பாருங்கள். நள்ளிரவிலும் அதிகாலையிலும்கூடச் சிலர் விட்டுவிட்ட நேரங்கள் திறக்கும்.

அம்மா கணக்கில் கடன் வாங்கிப் போடவே போடாதீர்கள். மூன்று மாத வங்கி அறிக்கை கேட்பார்கள். மாதந்தோறும் ஓய்வூதியம் மட்டும் வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் விழுந்தால் அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும். அம்மாவின் கணக்கை உள்ளபடியே கொடுங்கள். செலவை மருமகன் ஏற்கிறார் என்று ஒரு கடிதம், அவருடைய வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டுகள், வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். அம்மாவுக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்ட ஒரு சான்று வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் இருக்குமே, அதன் நகலையும் வையுங்கள்.

காப்பீடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், மே 10 முதல் 21 வரை ஒரு நாளும் விடாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லி எடுங்கள். விசாவுக்கு அது தேவையில்லை, அங்கே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் தேவைப்படும்.

சுந்தர்

மூன்று மாத விதியை இன்றுதான் தெரிந்துகொண்டேன், ராகவன். ஆனால் ஒரு கேள்வி. பொய்ப் பதிவு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்துக்கு நேரமே கிடைக்காவிட்டால், உண்மையாகவே திட்டத்தை மாற்றி பாரிஸ் 4, சுவிட்சர்லாந்து 4, ரோம் 3 என்று வைத்துக்கொள்ளலாமே? இரண்டும் சமம், முதலில் இறங்குவது பாரிஸ், பிரான்ஸிடம் கேட்கலாம் அல்லவா?

ராகவன்

உண்மையாகவே அப்படித் தங்குவதானால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இரவுகள் சமமாக இருந்தாலும், பாரிஸிலிருந்து கிளம்பி சுவிட்சர்லாந்து போய்ச் சேரும் நாளை எந்தப் பக்கம் எண்ணுவது என்ற பேச்சு வரும். நானாக இருந்தால் பாரிஸ் 5, சுவிட்சர்லாந்து 3 என்று தெளிவாக வைப்பேன்.

ஜெயந்தி

பிள்ளைகள் பனிமலை பார்க்கத்தானே போகிறார்கள்? மூன்று இரவில் இரண்டு நாள் மழை பெய்தால் என்ன செய்வது! 4, 4 என்று வைத்து, காரணத்தை முகப்புக் கடிதத்தில் எழுதிவிட்டால் போதாதா?

மீனா

மகனின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு முடித்துவிட்டோம், சேவா மையத்தில் வரும் செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. முகவரிடம் ஹோட்டல் வேலையை விட்டுவிடச் சொல்லிவிட்டேன், பதிவுகளை நானே செய்கிறேன். சுவிட்சர்லாந்துக்கு இன்று காலை தேடியபோது மார்ச் 12-இல் மூன்று இடம் மட்டும் காட்டியது. எங்களுக்கு ஐந்து வேண்டும். பிப்ரவரி 10 வரை தேடிப் பார்ப்போம், கிடைக்காவிட்டால்தான் இரவுகளை மாற்றுவது என்று கணவர் சொல்கிறார். மூவருக்கு 12-ஆம் தேதியும் மற்ற இருவருக்கு வேறு நாளும் எடுத்து யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

ஜெயந்தி

என் அண்ணன் குடும்பம் இரண்டு நாளாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். ஒவ்வொரு விண்ணப்பக் கட்டிலும் மற்றவர்களின் பாஸ்போர்ட் நகலையும் ஒரே பயணத் திட்டத்தையும் வைத்து, மற்றவர்கள் எந்தத் தேதியில் வருகிறார்கள் என்று கடிதத்தில் எழுதினார்கள். பிள்ளைகளில் ஒருவர் உங்களோடும் மற்றவர் கணவரோடும் இருப்பதுபோல் பிரிக்காமல், இருவரையும் பெற்றோரில் ஒருவரோடு ஒரே நாளில் வையுங்கள். அந்த மூன்று இடத்தை இன்றே பிடித்துவிடுங்கள், மீனா.