கூட்டல் பிழையால் வந்த ஜிஎஸ்டி டிமாண்ட்: திருத்தக் கடிதம் எப்படி எழுதுவது?

பாத்திரக்கடை:
வணக்கம். எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். 2021-22க்கு GSTR-3B-யில் நான் எடுத்த உள்ளீட்டு வரி வரவுக்கும் GSTR-2A-வில் தெரிந்ததற்கும் வித்தியாசம் என்று நோட்டீஸ் வந்தது. இரண்டு சப்ளையர்கள் பில்லை ஏற்றாமல் விட்டதால் வந்த வித்தியாசம், அதை நான் மறுக்கவில்லை. 12.11.2025 தேதியிட்ட ஆர்டரில்தான் சிக்கல். இணைப்பு அட்டவணையில் மாநில வரி இப்படி இருக்கிறது:

ஜூன் 4,200
செப்டம்பர் 3,850
டிசம்பர் 2,900
பிப்ரவரி 5,150
மொத்தம் 61,100

கூட்டிப் பார்த்தால் 16,100தான் வருகிறது. மத்திய வரிக்கும் இதே அட்டவணை, இதே மொத்தம். 61,100க்கு 18 சதவீதத்தில் 42 மாத வட்டி 38,493, அபராதம் 10,000. இரண்டு வரிக்கும் சேர்த்து 2,19,186 கட்டச் சொல்கிறார்கள். ஆபீசில் கேட்டால் "அப்பீல் போங்க" என்கிறார்கள். கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், சரியா பாருங்கள்:

"ஐயா, நான் சிறு வியாபாரி. கொரோனாவுக்குப் பிறகு வியாபாரம் நலிந்துவிட்டது. சப்ளையர் செய்த தவறுக்கு நான் பொறுப்பாக முடியாது. மொத்தத்திலும் தவறு உள்ளது. ஆகவே வரி, வட்டி, அபராதம் அனைத்தையும் ரத்து செய்து உதவ வேண்டுகிறேன்."

துணிக்கடை சேலம்:
எனக்கும் இதே மாதிரி வந்தது சார். 143(1) இன்டிமேஷன். வருமான வரி போர்ட்டலில் 154 திருத்தம் போட்டேன், சரியாகிவிட்டது. நாலு வருஷம் வரை டைம் இருக்கு, பயப்படாதீங்க.

ராகவி:
துணிக்கடை அண்ணா, அது வருமான வரி. இவருக்கு வந்திருப்பது ஜிஎஸ்டி, சட்டமும் போர்ட்டலும் வேறு. நாலு வருஷம் என்று நம்பி உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வார்.

மஞ்சமண்டி:
ஜிஎஸ்டியில் பிரிவு 161 இருக்கிறது. திருத்த ஆறு மாதம்தான் கெடு, ஆனால் வெறும் கணக்குப் பிழைக்கு அந்தக் கெடுவும் கிடையாது. அதனால் அவசரமே இல்லை, நிதானமாக எழுதுங்கள். அதுவரை சரியான தொகையை, நாமாகவே கட்டும் படிவமான DRC-03-ல் கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ராகவி:
மஞ்சமண்டி சொன்னது பாதிதான் சரி. ஆறு மாதக் கெடு கணக்குப் பிழைக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் அது அதிகாரி திருத்துவதற்கான கெடு. பாதிக்கப்பட்டவர் பிழையைச் சுட்டிக்காட்ட, ஆர்டர் தேதியிலிருந்து மூன்று மாதம் என்று அதே பிரிவில் தனியாக இருக்கிறது. அது தாண்டினால் "நீங்களாகவே திருத்துங்கள்" என்று கேட்கலாம்தான், ஆனால் அதன் பிறகு எல்லாம் அவர்கள் மனசு. அப்பீலுக்கும் மூன்று மாதம், வசூல் நடவடிக்கை தொடங்காமல் இருப்பதும் பொதுவாக மூன்று மாதம்தான். உங்களுக்கு எல்லாமே பிப்ரவரி நடுவில் வந்து நிற்கிறது.

DRC-03 விஷயம்: ஆர்டர் வந்த பிறகு அதில் கட்டினால் பணம் போகும், டிமாண்ட் அப்படியே நிற்கும். அதைக் கோக்க அப்புறம் DRC-03A போட வேண்டியிருக்கும். நேராக Services > Ledgers > Payment towards Demand வழியாகக் கட்டுங்கள்.

இனி கடிதம். பாத்திரக்கடை சார், கோபிக்காதீர்கள், அந்தக் கடிதத்தில் வேலை செய்யும் வரி ஒன்றே ஒன்றுதான், "மொத்தத்திலும் தவறு உள்ளது". அதுவும் நடுவில் புதைந்து கிடக்கிறது. சப்ளையர் பொறுப்பு என்று வாதாடினால் அது விவாதம். 161-ல் விவாதத்துக்கு இடமில்லை, பதிவைப் பார்த்ததும் தெரிகிற பிழைக்குத்தான் இடம். "இவர் ஆர்டரையே எதிர்க்கிறார், அப்பீலுக்குப் போகட்டும்" என்று ஒரே வரியில் தள்ளிவிட வழி செய்து கொடுக்கிறீர்கள். ஆபீசில் சொன்ன பதிலும் அதனால்தான் வந்திருக்கலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"பொருள்: 12.11.2025 நாளிட்ட ஆணையில் கூட்டல் பிழை – பிரிவு 161-ன் கீழ் திருத்தம் கோருதல்.

ஆணையின் இணைப்பு அட்டவணையில் மாநில வரி வேறுபாடாகக் காட்டப்பட்டுள்ள நான்கு மாதத் தொகைகள் 4,200, 3,850, 2,900, 5,150. இவற்றின் கூட்டுத்தொகை 16,100. மொத்தம் என்ற வரியில் 61,100 எனப் பதிவாகியுள்ளது. மத்திய வரி அட்டவணையிலும் இதே பிழை உள்ளது. மாதவாரித் தொகைகளில் மாற்றம் எதுவும் கோரவில்லை.

இப்பிழையால் வட்டியும் மாநில வரி, மத்திய வரி ஒவ்வொன்றுக்கும் 10,143க்குப் பதிலாக 38,493 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வரி, வட்டி, அபராதம் சேர்த்து ஆணைப்படி 2,19,186; திருத்தியபின் 72,486.

ஆணையைத் திருத்தி DRC-08 படிவத்தில் திருத்த ஆணை வழங்கவும், அதுவரை வித்தியாசத் தொகை 1,46,700ஐ வசூலிக்காமல் நிறுத்திவைக்கவும் வேண்டுகிறேன்."

கீழே ஜிஎஸ்டி எண், ஆணை எண், அட்டவணைப் பக்கத்தின் நகல். மொத்தம் வரியைச் சுற்றி ஒரு பேனா வட்டம் போடுங்கள். படிப்பவருக்குப் பத்து நொடியில் புரிய வேண்டும்.

பாத்திரக்கடை:
மேடம், ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். வரி குறைந்தால் அபராதமும் குறைய வேண்டாமா? அப்புறம், அதிகாரி மார்ச் 2022 முடிவிலிருந்து எல்லா மாதத்துக்கும் ஒரே மாதிரி 42 மாத வட்டி போட்டிருக்கிறார். அதையும் தவறு என்று சேர்க்கலாமா?

ராகவி:
அபராதம் குறையாது. பிரிவு 73-ல் வரியில் பத்து சதவீதம் அல்லது பத்தாயிரம், எது அதிகமோ அது. 61,100க்குப் பத்து சதவீதம் 6,110தான், அப்போதே பத்தாயிரம் போட்டுவிட்டார்கள். 16,100க்கும் அதே பத்தாயிரம்தான்.

வட்டி மாதத்தைத் தொடாதீர்கள்! ஜூன் வரவுக்கு ஜூன் கணக்கிலிருந்து பார்த்தால் வட்டி கூடும், குறையாது. நீங்களே போய் ஏன் சொல்ல வேண்டும்?

ஓய்வுபெற்ற கணக்கர்:
பழைய பேரேட்டுக் காலத்துச் சோதனை ஒன்று சொல்கிறேன். 61,100லிருந்து 16,100 போனால் 45,000. ஒன்பதால் மீதமின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வகுபடுவது மட்டுமே நிரூபணம் ஆகாது, ஆனால் இங்கே 1-ம் 6-ம் மாறி விழுந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. மாற்றித் தட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். கடிதத்தில் "இலக்கங்கள் இடம் மாறிப் பதிவாகியுள்ளன" என்று ஒரு வரி சேர்த்தால் அதிகாரிக்கும் ஒப்புக்கொள்வது எளிது. யார் மீதும் பழி வராது.

மஞ்சமண்டி:
சரி, மூன்று மாதக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருத்த மனு போட்டால் அப்பீல் கெடு நின்றுவிடும் அல்லவா? ஆபீஸ் பதில் சொல்லும் வரை காத்திருக்கலாமே.

ராகவி:
அதை நம்பி உட்கார மாட்டேன். கெடு நிற்கும் என்று சட்டத்தில் எழுதியில்லை. ஜனவரி கடைசிக்குள் திருத்தம் வராவிட்டால் அப்பீலைத் தயார் செய்துவிடுங்கள். ஒப்புக்கொண்ட வரி, வட்டி, அபராதம் முழுவதும் கட்டி, மறுக்கும் வரியில் பத்து சதவீதம் முன்வைப்பு. உங்கள் கணக்கில் மறுப்பது இரண்டு வரியிலும் சேர்த்து 90,000, ஆக முன்வைப்பு 9,000.

கடிதத்தைக் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். Services > User Services > My Applications போய், Application for rectification of order தேர்ந்தெடுத்து, கடிதத்தையும் நகலையும் ஏற்றுங்கள். ஏஆர்என் என்ற விண்ணப்ப எண் கிடைக்கும். பிறகு அச்செடுத்து ஆபீசில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள்.

பாத்திரக்கடை:
போட்டாச்சு, ஏஆர்என் வந்தது. அச்சுப்பிரதியை வாங்கிய எழுத்தர் அங்கேயே கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, மாறித்தான் இருக்கு, சரி பண்ணிடுவாங்க" என்றார். இப்போது 72,486ஐக் கட்டிவிடலாமா, திருத்தம் வரட்டுமா?

ராகவி:
வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. DRC-08 வந்து, லெட்ஜரில் தொகை மாறிய பிறகுதான் நம்ப வேண்டும். கட்டுவது பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. என்னைக் கேட்டால் ஒப்புக்கொண்ட வரியான 32,200ஐ இப்போதே கட்டிவிடுங்கள், வட்டி ஓடாது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
நான் திருத்தம் வரும்வரை கட்டமாட்டேன். அரைகுறையாகக் கட்டினால் வரிக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு என்று பின்னால் இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும்.

ராகவி:
கட்டும்போது வரித் தலைப்பில் மட்டும் தொகையைப் போட்டால் அந்தக் குழப்பம் வராது ஐயா. முடிவு கடைக்காரருடையது.