டெஸ்டின் நடுவில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

வணக்கம். போன வாரம் கார் லைசென்ஸ் டெஸ்ட். மேட்டில் நிறுத்தி எடுக்கும் இடத்தைத் தாண்டியதும் மீட்டரில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ஹேண்ட்பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன், முழுக்க இறங்கியிருந்தது. விளக்கு அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடி எரிந்தது. கை நடுங்கி, கிளட்சை விட்டு வண்டியை ஆஃப் செய்துவிட்டேன். ஃபெயில்.

பிறகு பயிற்சி தரும் அண்ணன் பானெட்டைத் திறந்து காட்டினார். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் MIN கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. மேட்டிலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கம் சாய்வதால் விளக்கு விட்டுவிட்டு எரியுமாம். பிரேக் பேட் தேய்ந்தாலும் ஆயில் இறங்குமாம், கசிவும் இருக்கலாமாம். அதனால் காரணம் பார்க்காமல் ஊற்றி மட்டும் விடக்கூடாது என்றார்.

அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட். மஞ்சள் விளக்கு என்றால் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு மெதுவாக ஓட்டலாம், சிவப்பு என்றால் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பிரேக் மிதி வழக்கத்தைவிட உள்ளே போகிறதா என்பதை நிறுத்தும்போதே காலில் உணரலாம் அல்லவா?

என் சந்தேகம் இதுதான்: நானாக நிறுத்தினால் அதைத் தவறாகக் கணக்கிடுவார்களா? வேறு வண்டியில் தொடர விடுவார்களா? இப்படி யாருக்காவது நடந்திருந்தால், இன்ஸ்பெக்டரிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள், ப்ளீஸ்.