விற்ற கால் ஆப்ஷனுக்கு டெல்டா ஹெட்ஜ்: நாளுக்கு ஒரு முறையா, நான்கு முறையா?

செந்தில்: நிஃப்டி 25,000-இல் இருந்தபோது, ஒரு மாதம் கழித்து முடியும் 25,000 ஸ்டிரைக் கால் ஆப்ஷனை 20 லாட் விற்று, ஈடாக 10 லாட் ஃபியூச்சர்ஸ் வாங்கியிருக்கிறேன். கிடைத்த பிரீமியம் 460 புள்ளி, வாலட்டிலிட்டி 16%. சந்தை முடியும் நேரத்தில் ஒரு முறை டெல்டாவைத் திருத்தினால் போதுமா, நாளுக்கு நான்கு முறை திருத்த வேண்டுமா?

குமரன்: ஒரு முறையே அதிகம் என்பேன். ஆப்ஷனை விற்றவர் ஒவ்வொரு திருத்தத்திலும் ஏறிய விலையில் வாங்கி இறங்கிய விலையில் விற்கிறார். நண்பகலில் 1% ஏறிய நிஃப்டி மாலைக்குள் பழைய இடத்துக்கே திரும்பினால், நடுவில் கை வைத்தவருக்கு நட்டம், சும்மா இருந்தவருக்கு அன்றைய காலத்தேய்வு முழுவதும் லாபம்.

மீனாட்சி: குமரன் தமக்கு ஏற்ற நாளை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆண்டுக்கு 16% என்பது நாளுக்கு ஏறத்தாழ 1% அசைவு. செந்திலின் நிலையில் அந்த 1% அசைவு தரும் நட்டமும் ஒரு நாளின் காலத்தேய்வும் தலா 11 புள்ளி என்பதால் ஒன்றையொன்று அடித்துவிடும். குமரன் சொன்ன நாளில் மாலையில் மட்டும் திருத்துபவருக்கு 11 புள்ளி லாபம், நண்பகலிலும் திருத்துபவருக்கு 11 புள்ளி நட்டம். ஆனால் மறுநாள் நண்பகலுக்குள் 1% ஏறி, மாலைக்குள் இன்னொரு 1% ஏறினால், முன்னவருக்கு சுமார் 32 புள்ளி போகும், பின்னவருக்கு 11 மட்டுமே. இரண்டு நாளையும் கூட்டினால் இருவரும் 21, 22 புள்ளி நட்டத்தில்தான் நிற்கிறார்கள். செலவைக் கணக்கில் கொள்ளாதவரை, அடிக்கடி திருத்துவதால் சராசரி மாறுவதில்லை. முடிவு எவ்வளவு தூரம் சிதறும் என்பதுதான் மாறுகிறது.

வாலட்டிலிட்டி உண்மையிலேயே 16%-ஆக அமைந்தாலும், நாளுக்கு ஒரு முறை திருத்தினால் மாத முடிவில் சிதறல் சுமார் 89 புள்ளி. நான்கு முறை திருத்தினால் அது பாதியாகி 45-க்கு வரும். ஒரு பக்கத்துக்குத் தரகு, வரி, விலை இடைவெளி எல்லாம் சேர்த்து 0.03% என்று வைத்தால், திருத்தச் செலவு 11 புள்ளியிலிருந்து 22-ஆக இரட்டிக்கும். கூடுதலாக 11 புள்ளி கொடுத்து 44 புள்ளிச் சிதறலைக் குறைப்பது எனக்கு மலிவாகப் படுகிறது.

ரஹீம்: நான் ஒரே ஒரு லாட்தான் விற்றிருக்கிறேன். ஃபியூச்சர்ஸ் லாட்டும் அதே அளவு என்பதால் 0.5 டெல்டாவுக்குப் பாதி லாட் வாங்க வழியில்லை. விலை ஸ்டிரைக்கைத் தாண்டும்போது ஒரு லாட் வாங்கி, கீழே வந்ததும் விற்றுவிடலாம் அல்லவா?

மீனாட்சி: அது டெல்டா ஹெட்ஜ் அன்று, ரஹீம். விலை 25,000-ஐச் சுற்றியே ஊசலாடினால் ஒவ்வொரு தாண்டலிலும் இழப்பீர்கள். உங்கள் அளவுக்கு, கூடிய ஸ்டிரைக்கில் ஒரு கால் ஆப்ஷனை வாங்கி ஸ்ப்ரெட் ஆக்கிக்கொள்வதே மேல். லாட் அளவு செந்திலையும் கட்டுப்படுத்துகிறது: நாளுக்கு நான்கு முறை என்றால் இரண்டு திருத்தங்களுக்கு நடுவே வழக்கமாக 0.5% அசைவு, அதற்கு 20 லாட்டில் மாறும் டெல்டா ஒரு லாட் ஃபியூச்சர்ஸுக்கும் குறைவு. அதற்கு மேல் அடிக்கடி பார்த்தாலும் செய்வதற்கு ஒன்றும் இராது.

குமரன்: நிஃப்டி ஃபியூச்சர்ஸ் மலிவு என்பதால்தான் உங்கள் கணக்கு நிற்கிறது. வாங்குவோர் குறைந்த ஒரு பங்கில் ஒரு பக்கச் செலவு 0.2% ஆனால், அந்த 11 புள்ளி 73 ஆகும், 22 புள்ளி 146 ஆகும். 460-இல் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேலும், கடிகாரத்தைப் பார்த்து ஏன் திருத்த வேண்டும்? டெல்டா ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டும் திருத்தலாமே.

மீனாட்சி: எல்லை வைப்பதில் எனக்கும் உடன்பாடே. 1997-இல் ஆய்வாளர்கள் வாலியும் வில்மாட்டும் காட்டியபடி, செலவு சிறிதாக இருக்கும்போது உகந்த எல்லை செலவின் கனமூலத்தோடு வளர்கிறது; செலவு எட்டு மடங்கானாலும் எல்லை இரண்டு மடங்குதான் விரியும். ஆகவே 0.2% செலவிலும் திருத்தத்தை அடியோடு கைவிடுவது பொருந்தாது. ஆனால் எல்லை நிலையாக இருக்கக் கூடாது. ஒரு மாதம் மீதமிருக்கையில் 1% அசைவுக்கு 0.09 மாறும் டெல்டா, எக்ஸ்பைரிக்கு இரண்டு நாள் இருக்கையில், விலை ஸ்டிரைக்கிலேயே நின்றால், 0.28 மாறும். பழைய எல்லையோடு இருப்பவர் அந்த இரண்டு நாளில் ஓயாமல் வாங்கி விற்றுக்கொண்டிருப்பார்.

குமரன்: இரவை விட்டுவிட்டீர்கள். 2024 ஜூன் 3 அன்று, தேர்தல் கருத்துக்கணிப்புகளுக்குப் பிறகு, நிஃப்டி தொடக்கத்திலேயே பெரிய இடைவெளியோடு மேலே திறந்து, 3%-க்கு மேல் ஏறி முடிந்தது. செந்திலின் நிலையில் 3% இடைவெளி என்றால் சுமார் 90 புள்ளி நட்டம். முந்தைய வர்த்தக நாளில் நாற்பது முறை திருத்தியிருந்தாலும் அது குறைந்திருக்காது.

மீனாட்சி: குறைந்திருக்காதுதான். என் 45 புள்ளி, அசைவு நாள் முழுவதும் சீராகப் பரவியிருக்கும் என்ற அனுமானத்தில் வந்தது. இரவில் நிகழும் பங்கு பெரிதாக ஆக, அந்த எண் மேலே போகும். அதற்கு மருந்து ஃபியூச்சர்ஸில் இல்லை, வேறொரு ஆப்ஷனை வாங்குவதில்தான் இருக்கிறது.

செந்தில்: அப்படியானால் ஒரு லாட் மாறும்போது மட்டும் திருத்துகிறேன். ஆனால் டெல்டாவை 16% வைத்துக் கணக்கிடுவதா, சந்தை இப்போது உண்மையில் அசைந்துகொண்டிருக்கும் 12% வைத்தா?

குமரன்: 12%.

மீனாட்சி: நான் 16% வைப்பேன், அன்றாட லாப நட்டம் குறைவாகக் குதிக்கும். குமரன் தம் காரணத்தைச் சொல்லட்டும்.